“குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்”: தீபாவளிப் பார்சலில் வைக்கும் நன்றிச் சீட்டில் இந்த வரி இருக்கலாமா?

மாவுருண்டை – 24 ஆகஸ்ட் 2025

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து இணையவழியில் விற்கிறோம். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் ஆகிய நான்கு மட்டுமே. தீபாவளிப் பார்சலுக்குள் வைக்கும் நன்றிச் சீட்டை அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் இங்கே கேட்கிறேன்.

சென்ற ஆண்டுச் சீட்டில், நன்றி சொன்ன பிறகு, நம் ஊர் உணவகச் சுவர்களில் எல்லோரும் படித்திருக்கும் வரியையே போட்டிருந்தேன்: “நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.” அதன் கீழே, “பிடித்திருந்தால் மறக்காமல் ஐந்து நட்சத்திரத்துடன் விமர்சனம் எழுதுங்கள்” என்று இருந்தது. வாங்கிய ஒருவர் அந்தச் சீட்டைப் படம் எடுத்துத் தம் விமர்சனத்தோடு சேர்த்துவிட்டார். நெய் ஊறி ஒரு மூலை கண்ணாடிபோல் ஆகியிருந்த சீட்டின் மேல் எங்கள் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. படத்துக்குக் கீழே, “குறை சொல்வதானால் இங்கே சொல்லக் கூடாதாம்” என்று எழுதியிருந்தார். சில நாளில் நாங்கள் விற்கும் தளத்திலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது.

ஐந்து நட்சத்திரம் என்று கேட்டது தவறு என்பது புரிகிறது, அதை எடுத்துவிடுவேன். ஆனால் சுவர் வரியில் என்ன தவறு? குறையைக் கேட்டு நிவர்த்தி செய்வதாகத்தானே அது சொல்கிறது?

பொருநை – 24 ஆகஸ்ட் 2025

பார்சலுக்குள் எந்தச் சீட்டும் வைக்கக் கூடாது என்பதுதான் இப்போதைய விதி, சகோதரி. நான் அல்வா அனுப்புகிறேன். சீட்டு வைப்பதையே நிறுத்திவிட்டேன். வரியைத் திருத்துவதைவிடச் சீட்டைக் கைவிடுவது பாதுகாப்பானது.

கணக்குப்பிள்ளை – 25 ஆகஸ்ட் 2025

சிறு விற்பனையாளர்களின் தளக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பொருநை சொல்வது பாதி சரி. சீட்டு வைப்பதற்குத் தடை இல்லை. சீட்டு என்ன கேட்கிறது என்பதில்தான் கட்டுப்பாடு. அமேசானின் விற்பனையாளர் நடத்தை விதிகளை எடுத்துக்கொண்டால், நடுநிலையான சொற்களில் வாடிக்கையாளரிடம் கருத்து கேட்கலாம். பணமோ பொருளோ தந்து கேட்கக் கூடாது. நல்லதை மட்டும் எழுதச் சொல்லக் கூடாது. எழுதியதை மாற்றவோ நீக்கவோ வற்புறுத்தக் கூடாது. மனநிறைவு அடைந்தவர்களிடம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் உங்கள் சுவர் வரி சிக்குகிறது, அம்மா.

உணவகச் சுவரில் அந்த வரி நேர்மையானது. சாப்பிட்டவர் கல்லாவுக்கு வந்து சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்னால், அடுத்த பந்திக்குள் அது சரியாகிவிடும்; அடுத்து உட்காருபவருக்குச் சென்ற பந்தியின் உப்பு பற்றித் தெரிய வேண்டிய தேவை இல்லை. இணையத்தில் அடுத்து வாங்குபவர், பொருளைப் பார்க்காமல், முகராமல், முன்னால் வாங்கியவர்கள் எழுதியதை மட்டுமே நம்பிப் பணம் கட்டுகிறார். அங்கே நிறையைப் பொதுவெளிக்கும் குறையைத் தனிக்காதுக்கும் அனுப்பச் சொன்னால், பக்கத்தில் தெரிகிற மதிப்பெண் உண்மையான மதிப்பெண்ணாக இருக்காது. உங்கள் நோக்கம் எதுவாக இருந்தாலும் அந்த வரி செய்கிற வேலை வடிகட்டுவது.

மாவுருண்டை – 25 ஆகஸ்ட் 2025, இரவு

படித்த உடனே மறுப்பு எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். சென்ற ஆண்டு நடந்த ஒன்றை முதலில் எழுத வேண்டும்.

2024 தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பு சுட்ட அதிரசத்தில் ஒரு ஈடு, வேலை நெருக்கடியில், முழுவதும் ஆறுவதற்குள் பையில் அடைக்கப்பட்டுவிட்டது. சூட்டில் எழும் ஆவி பையின் உட்புறத்தில் வேர்வைபோல் துளித்து, அதிரசத்தின் மேலேயே விழும். வெல்லப்பாகும் அரிசிமாவும் சேர்ந்த பண்டத்துக்கு அந்த ஈரம் போதும். நான்கைந்து நாளில் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கிவிடும். சீட்டில் சொன்னபடியே நான்கு பேர் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நான்கு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு வேறு அனுப்பினோம், பணத்தையும் திருப்பினோம். நால்வரும் மகிழ்ச்சியாகப் போய்விட்டார்கள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

ஐந்தாவது ஒருவர், அந்தப் பக்கத்தில் இருந்த பாராட்டுகளை மட்டும் படித்துவிட்டு, மகளின் தலைதீபாவளிச் சீருக்காக எங்களிடம் அதிரசம் வாங்கினார். அதே ஈட்டில் மீதி இருந்தது அவருக்குப் போயிற்று. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் தாம்பாளத்தில் பிரித்து வைத்தபோதுதான் பூஞ்சணம் தெரிந்திருக்கிறது. அவர் எங்களைத் திட்டவில்லை. குரல் கம்மிப்போய், “முன்னாலேயே யாராவது எழுதியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேனே” என்று மட்டும் சொன்னார்.

மீதி ஈட்டை நிறுத்திவைக்காதது எங்கள் தவறு. அதைச் சீட்டின் மேல் போட மாட்டேன். ஆனால் நான்கு பேர் எழுதியிருக்க வேண்டியதை எழுதாமல் செய்தது அந்த வரிதான் என்பதை கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் முழுவதும் உணர்கிறேன். சுவர் வரியை எடுத்துவிடுகிறேன்.

கொலுப்படி – 27 ஆகஸ்ட் 2025

நான் கொலு பொம்மை அனுப்புகிறவன். நவராத்திரிக்கு அனுப்பிய தசாவதார செட்டில் வாமனரின் குடை உடைந்து போனதற்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். வேறு பொம்மை அனுப்பப்போகிறேன். இப்போது அந்த விமர்சனத்தை எடுத்துவிடும்படி பார்சலில் ஒரு சீட்டு வைத்துக் கேட்கலாமா? எப்படி எழுதினால் மனம் இரங்குவார்கள்?

கணக்குப்பிள்ளை – 27 ஆகஸ்ட் 2025

கேட்கக் கூடாது, தம்பி. மேலே நான் எழுதியதில் அதுவும் ஒன்று. மாற்றுப் பொம்மையோடு சேர்த்து அந்தச் சீட்டு போனால், பொம்மையே அதற்கான கூலி ஆகிவிடும். விமர்சனத்துக்குக் கீழே பதில் எழுதும் வசதி உங்கள் தளத்தில் இருந்தால், குடையை இப்போது தனியாகக் கழற்றிச் சுற்றி அனுப்புவதாக எழுதுங்கள். அடுத்து வாங்குபவர் இரண்டையும் படிப்பார். உடைந்ததாகச் சொல்லும் விமர்சனமே உங்கள் பொதியும் முறையை மாற்ற வைத்தது என்பதையும் அவர் காண்பார்.

மாவுருண்டை – 30 ஆகஸ்ட் 2025

புதிய வாசகத்தின் முதல் வரைவு:

“எங்களிடம் பலகாரம் வாங்கியதற்கு நன்றி. உங்களுக்குப் பிடித்திருந்தால், தயவுசெய்து எங்கள் பக்கத்தில் ஒரு விமர்சனம் எழுதுங்கள். எங்களைப் போன்ற சிறு குடும்பங்களுக்கு உங்கள் ஆதரவே வாழ்வாதாரம்.”

எழுதி முடித்தபோது திருப்தியாக இருந்தது. மாலையில் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் சீப்புச்சீடைக்கு மாவு பிழிந்தபடியே, “காசு கொடுத்து வாங்கியவரிடம் ஏன் கையேந்துகிறாய்?” என்று கேட்டார். கடைசி வரி அவருக்கு உறுத்தியிருக்கிறது. இப்போது எனக்கும் உறுத்துகிறது.

பெங்களூர் மகள் – 31 ஆகஸ்ட் 2025

நான் விற்பவள் அல்ல, வாங்குகிறவள். உங்கள் அத்தை சொன்னது எங்கள் பக்கத்திலிருந்தும் உண்மை, அக்கா. சென்ற ஆண்டு வேறு ஒருவரிடம் வாங்கிய பார்சலில், விமர்சனம் வந்தால்தான் தம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட முடியும் என்கிற அளவில் ஒரு சீட்டு இருந்தது. முறுக்கு சிக்கு வாடை அடித்தது. உண்மையை எழுதினால் பாவம், பொய் எழுதினால் அதுவும் பாவம் என்று தோன்றி எதையும் எழுதாமல் விட்டுவிட்டேன். மறுபடியும் அவரிடம் வாங்கவும் இல்லை.

இன்னொன்று. நான் தீபாவளிக்கு வாங்குகிற பார்சல்களில் பெரும்பாலானவை என் வீட்டுக்கு வருவதே இல்லை. திருமயத்தில் இருக்கும் என் பெற்றோருக்கும், சித்தி வீட்டுக்கும், அண்ணியின் தாய் வீட்டுக்கும் நேரே போகின்றன. சீட்டைப் பிரித்துப் படிப்பவர் வாங்கியவர் அல்லர். என் அப்பா ஒருமுறை அப்படி ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு, தம்மை ஏதோ எழுதச் சொல்கிறார்கள், எழுதாவிட்டால் எனக்குத் தொல்லை வருமோ என்று கவலைப்பட்டுத் தொலைபேசியில் கேட்டார். விலைச்சீட்டு இல்லாமல் அன்பளிப்பாக அனுப்பச் சொன்ன பார்சலில், கருத்து கேட்கும் சீட்டு மட்டும் இருப்பது, விருந்துக்கு வந்தவரிடம் சமையலுக்கு மதிப்பெண் கேட்பதுபோல் இருக்கிறது.

மாவுருண்டை – 31 ஆகஸ்ட் 2025

இதை நான் யோசிக்கவே இல்லை. தீபாவளி வாரத்தில் எங்களிடம் வரும் ஆணைகளில் ஏறக்குறைய பாதி, வாங்குபவர் ஒரு முகவரியும் பெறுபவர் வேறு முகவரியுமாகத்தான் வருகின்றன. அப்படியானால் இரண்டு சீட்டு வேண்டும். அன்பளிப்புப் பார்சலுக்குள் போவதில் யார் அனுப்பினார் என்பதும், தீபாவளி வாழ்த்தும், பலகாரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் மட்டும் இருக்கட்டும். கருத்து கேட்கும் வரி, வாங்கியவர் தம் வீட்டுக்கே வரவழைக்கும் பார்சலில் மட்டும்.

பொருநை – 1 செப்டம்பர் 2025

சீட்டு வைக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேடிப் படித்துப் பார்த்தேன். அப்படியானால் என் யோசனை இது. ஒவ்வொரு பார்சலிலும் நூறு கிராம் மாவுருண்டையை இலவசமாக வையுங்கள். “இது எங்கள் அன்பளிப்பு, உங்கள் கருத்தை எழுதுங்கள்” என்று சீட்டில் போடுங்கள். நல்லதாக எழுதச் சொல்லவில்லையே, எனவே விதி மீறல் இல்லை.

கணக்குப்பிள்ளை – 1 செப்டம்பர் 2025

மீறல்தான். நல்லதாக எழுதச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கருத்துக்கு ஈடாகப் பொருள் தருவதை அமேசான் 2016 அக்டோபரிலேயே விலக்கிவிட்டது. அந்த நிறுவனமே பொருளைக் கொடுத்துக் கருத்து எழுத வைக்கும் ‘வைன்’ திட்டம் விதிவிலக்கு. நேரடியாக விற்று, கூகுள் பக்கத்தில் கருத்து கேட்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். அங்கும் கைம்மாறு தந்து கேட்பதும் நல்லதை மட்டும் தேர்ந்து கேட்பதும் தடை. இந்தியாவில் இணையக் கருத்துகளுக்கென்று இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநிலையே வெளியிட்டது. அதன் எண் IS 19000. கட்டாயம் அன்று, பெரும்பாலும் கருத்துகளை வெளியிடும் தளங்களுக்கானது. என்றாலும் விலை கொடுத்து வாங்கிய கருத்தை அது ஏற்பதில்லை.

பண்டிகைக்கு எல்லோருக்கும் கொசுறு வைப்பது நம் வழக்கம். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கொசுறைப் பற்றிச் சொல்லும் வரியும் கருத்து கேட்கும் வரியும் ஒரே சீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால், படிப்பவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் படிப்பார். கொசுறு தன் பாட்டுக்கு இருக்கட்டும். அதைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல்லும் வேண்டாம்.

மாவுருண்டை – 3 செப்டம்பர் 2025

இரண்டு நாளாகச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விதியைப் படிப்பதைவிட இதுதான் கடினம்; ஏனென்றால் நம் மொழியில் மரியாதைக்காக நாம் சேர்க்கும் சொற்களே கேட்பவரை நெருக்குகின்றன.

“மறக்காமல் எழுதுங்கள்” என்றால், எழுதாதவர் மறந்தவர் ஆகிவிடுகிறார். எழுத விரும்பாதவருக்கு அந்த வரியில் இடமே இல்லை. “தயவுசெய்து” என்றால், எழுதாதவர் தயை இல்லாதவர் ஆகிறார். “உங்கள் மேலான ஆதரவு” என்பது வாக்குக் கேட்கும் துண்டறிக்கையின் மொழி. “பிடித்திருந்தால்” என்ற ஒரு சொல் பார்வைக்குப் பணிவாக இருக்கிறது, ஆனால் பிடிக்காதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. முதல் வரைவிலும் அதை விடாமல் எழுதியிருக்கிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன். சுவர் வரியை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அதன் பாதியை உள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

இந்த “இருந்தால்” எதன்மேல் உட்காருகிறது என்பதுதான் கேள்வி என்று தோன்றுகிறது. “பிடித்திருந்தால்” என்றால் நிபந்தனை பலகாரத்தின்மேல் விழுகிறது. “நேரமும் விருப்பமும் இருந்தால்” என்றால் அது வாங்கியவரின் வசதியின்மேல் விழுகிறது. பலகாரம் நன்றாக இருந்தவரும் இல்லாதவரும் சமமாக உள்ளே வரலாம்.

அடுத்தது வினைமுற்று. “எழுதவும்” என்பது அலுவலகக் கட்டளை. “எழுத வேண்டுகிறோம்” என்பது கெஞ்சல். “எழுதுங்கள்” இயல்பானது, ஆனாலும் ஏவல். “எழுதலாம்” என்று சொன்னால் கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம். நுழைவது அவர் விருப்பம். “எழுதலாம்” என்றே போடப்போகிறேன்.

“விமர்சனம்” என்ற சொல்லையும் மாற்ற நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் அது குறை கண்டுபிடிப்பது என்ற பொருளிலோ, திரைப்பட விமர்சனம் என்ற பொருளிலோதான் காதில் விழுகிறது. வாங்குபவர்களில் பலர் அதைப் பெரிய எழுத்து வேலை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். “கருத்து” எளிமையாக இருக்கிறது. “மதிப்புரை” என்றால் நூலுக்கு எழுதுவதுபோல் ஆகிவிடுகிறது.

மெய்ப்பு – 4 செப்டம்பர் 2025

சிவகாசியில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். வாசகத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். அச்சில் வரும் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் கைப்பேசியில் தட்டுவது ஒருங்குறி. பல சிறு அச்சகங்களில் வடிவமைப்பாளர்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறார்கள். நீங்கள் அனுப்பியதை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துகள் சிதறும். அதனால் வாசகம் முழுவதையும் அவர் திரும்பத் தட்டுவார். திரும்பத் தட்டும்போது பிழைகள் புகும். ஆகவே ஒரு தாளில் அச்சிட்ட மெய்ப்பை வாங்கி, எழுத்தெண்ணிப் படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

அட்டைக்குப் பளபளப்பு உறை போட வேண்டாம். நெய் படாது என்று நினைப்பீர்கள். ஆனால் வெட்டிய ஓரம் வழியாக ஊறும். பேனாவும் அதில் பிடிக்காது. பூச்சில்லாத 250 அல்லது 300 ஜிஎஸ்எம் அட்டை போதும்.

மாவுருண்டை – 9 செப்டம்பர் 2025

மெய்ப்பு ஐயாவுக்கு நன்றி. இன்று எங்கள் ஊர் அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் “கருத்தை எழுதலாம்” என்று நான் கொடுத்திருந்த இடத்தில் “கருத்தைத் தவறாமல் எழுதவும்” என்று இருந்தது. கேட்டால், “எழுதலாம் என்று விட்டால் மொட்டையாக இருக்கிறது, அக்கா, எல்லா அட்டையிலும் இப்படித்தான் முடிப்போம்” என்றார் வடிவமைக்கும் தம்பி. அவர் நல்ல மனத்தோடுதான் செய்திருக்கிறார். மாதிரி பார்க்காமல் ஒப்புதல் கொடுத்திருந்தால், இந்த இழையில் இத்தனை நாள் பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் போயிருக்கும். திருத்தித் தரச் சொல்லியிருக்கிறேன்.

கொலுப்படி – 10 செப்டம்பர் 2025

சுவர் வரியை முழுவதும் எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பொம்மை உடைந்து வந்தவருக்கு உடனே யாரிடம் பேசுவது என்று தெரிய வேண்டாமா? கருத்து எழுத மட்டும் வழி சொல்லிவிட்டு, உதவிக்கு வழி சொல்லாமல் இருப்பது அநியாயம் இல்லையா?

மாவுருண்டை – 10 செப்டம்பர் 2025

இந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. பூஞ்சணம் வந்த பையை வைத்துக்கொண்டு ஒருவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை – 11 செப்டம்பர் 2025

எண்ணைத் தேட வேண்டியதில்லை. பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருள் எதுவானாலும், புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. மாவுருண்டை அம்மாவின் பை ஒட்டுத்தாளில் அது ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆகவே சீட்டில் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

சொல்லத்தான் வேண்டும் என்றால், கருத்து வரியிலிருந்து விலக்கி, முடிந்தால் சீட்டின் பின்பக்கத்தில், “பொட்டலம் நசுங்கியோ பண்டம் கெட்டோ வந்திருந்தால், பையின் பின்னால் உள்ள எண்ணில் அழைக்கலாம்” என்று தகவலாகச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிறுத்தும்போதுதான் வடிகட்டி உருவாகிறது. இருந்தாலும் எச்சரிக்கை ஒன்று: இரண்டையும் ஒரே சீட்டில் பார்த்தாலே சந்தேகப்படும் பரிசோதகரும் இருப்பார். ஏற்கெனவே ஒரு மின்னஞ்சல் வாங்கிய கணக்கு என்றால், நானாக இருந்தால் வைக்க மாட்டேன்.

கொலுப்படி – 11 செப்டம்பர் 2025

நான் வைப்பேன். உடையும் பொருளுக்கு அது வேண்டும். பலகாரத்துக்கும் பொம்மைக்கும் ஒரே அளவுகோல் இல்லை.

மாவுருண்டை – 14 செப்டம்பர் 2025

நான் வைக்கவில்லை. பையின் ஒட்டுத்தாளில் எண்ணின் எழுத்தளவைப் பெரிதாக்கிவிட்டேன். அச்சுக்குப் போன வாசகம் இது:

“வணக்கம். இந்தத் தீபாவளிக்கு எங்களிடம் பலகாரம் வாங்கியதற்கு நன்றி.

இதில் உள்ள அதிரசம் சுட்ட நாள்: ____. பையைப் பிரித்த பிறகு ஈரம் இல்லாத டப்பாவில் வைத்துக்கொள்ளவும்.

சாப்பிட்டுப் பார்த்த பிறகு, நேரமும் விருப்பமும் இருந்தால், வாங்கிய பக்கத்தில் உங்கள் கருத்தை எழுதலாம். நன்றாக இருந்தது, நன்றாக இல்லாதது இரண்டையும் அடுத்து வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள அது உதவும்.”

நாளைக் கையால் எழுதுவதற்காகக் கோடு விட்டிருக்கிறேன். “நன்றாக இல்லாதது” என்ற சொல்லை வைக்க என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. நாமே குறையை நினைவூட்டுவதுபோல் இருக்கிறது என்றார். ஐந்தாவது வாங்கியவரின் குரலை நினைத்துக்கொண்டேன். வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“எழுதாவிட்டாலும் எங்கள் நன்றி குறையாது” என்று ஒரு வரியும் முதலில் இருந்தது. அது நயமாக இருந்ததே தவிர, எழுதாமல் போகிறவரைப் பற்றி நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று காட்டியது. எடுத்துவிட்டேன்.

பெங்களூர் மகள் – 15 செப்டம்பர் 2025

அந்த வரியை எடுத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். எனக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்திருக்கும். ஆனால் “சுட்ட நாள்” என்று இருப்பது மிகவும் நல்லது, அக்கா. அம்மா முதலில் தேடுவது அதைத்தான்.

மாவுருண்டை – 5 அக்டோபர் 2025

ஒரு திருத்தம். “சாப்பிட்டுப் பார்த்த பிறகு” என்று எழுதிவிட்டேன், ஆனால் பண்டிகைப் பார்சலை வந்த அன்றே பலர் சாப்பிடுவதில்லை. பூசையில் படைத்த பிறகுதான் எடுப்பார்கள். எட்டாம் தேதி போய்ச் சேரும் பார்சலுக்கு இருபதாம் தேதி வரை ஒருவருக்கும் கருத்து இருக்காது. தளத்தின் வழியாகவும் ஒருமுறை கருத்து கேட்கும் பொத்தான் இருக்கிறதே, அதை எப்போது அழுத்துவது?

கணக்குப்பிள்ளை – 6 அக்டோபர் 2025

அமேசானில் அந்தப் பொத்தான் பொருள் போய்ச் சேர்ந்த 5-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை வேலை செய்யும். ஓர் ஆணைக்கு ஒருமுறைதான். வேறு தளமானால் அதன் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் தேதி சேர்ந்ததற்கு 23-ஆம் தேதி அழுத்தினால் பதினைந்தாம் நாள். பண்டிகையும் முடிந்திருக்கும், பண்டமும் வாயில் பட்டிருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அழுத்துவதானால் எல்லா ஆணைகளுக்கும் அழுத்துங்கள். தொலைபேசியில் குறை சொன்னவர்களின் ஆணையை மட்டும் விட்டுவிட்டால், சீட்டிலிருந்து எடுத்த வடிகட்டியைப் பொத்தானில் பொருத்தியதாகிவிடும்.

மாவுருண்டை – 6 அக்டோபர் 2025

அப்படித்தான் செய்திருப்பேன். குறை சொன்னவரை மறுபடியும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற எண்ணத்திலேயே விட்டிருப்பேன். நல்லவேளை, கேட்டேன்.

மாவுருண்டை – 12 அக்டோபர் 2025

சீட்டு வைக்கும் இடத்தை மாற்றியிருக்கிறோம். முன்பு பலகாரப் பைகளுக்கு நடுவே செருகுவோம். அதனால்தான் நெய் ஊறியது. இப்போது பைகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் சீட்டை வைத்து மூடுகிறோம். திறந்ததும் முதலில் கையில் வருவது அது. அதிரசம் சுட்ட நாளை அத்தையே எழுதுகிறார். அவருடைய “அக்டோபர்” என்ற சொல்லில் மெய்யெழுத்துப் புள்ளிகள் சற்றுத் தள்ளித்தான் விழும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்தே ஒருவர் அழைத்து, எழுதியது யார் என்று விசாரித்தார்.

அன்பளிப்புப் பார்சல்களுக்கான சீட்டை மஞ்சள் அட்டையில் அடித்திருக்கிறோம், கலந்துவிடாமல் இருக்க.

மாவுருண்டை – 29 அக்டோபர் 2025

எல்லா ஆணைகளுக்கும் பொத்தானை அழுத்தியாகிவிட்டது. வந்த கருத்துகள் சென்ற ஆண்டைவிடக் குறைவு, அதை மறைக்கவில்லை. ஆனால் அவை நீளமாக இருக்கின்றன. சென்ற ஆண்டு “அருமை”, “சூப்பர்” என்று ஒற்றைச் சொல்லில் வந்தவைதான் மிகுதி.

மூன்று நட்சத்திரத்துடன் வந்த ஒன்றை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். தேன்குழல் நன்றாக இருந்ததாம். சீப்புச்சீடை பல்லுக்குக் கடினமாக இருந்ததால் வீட்டுப் பெரியவர்களால் சாப்பிட முடியவில்லையாம். சுட்ட நாளைப் போட்டிருந்தது பயன்பட்டதாம். அதைப் படித்துவிட்டு அன்று செய்த மாவின் கணக்கைப் புரட்டினேன். தேங்காய்ப்பாலைக் குறைத்து நீர் சேர்த்துப் பிசைந்த ஈடு அது. அத்தையிடம் சொன்னேன். அடுத்த ஈட்டுக்குப் பால் பழைய அளவுக்கே வந்துவிட்டது. கருத்துக்குக் கீழே அதையே பதிலாக எழுதியிருக்கிறேன்.

பொருநை – 30 அக்டோபர் 2025

கருத்துகள் குறைந்தது வியாபாரத்தைப் பாதிக்காதா? எண்ணிக்கையைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். என் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் பொங்கலுக்கு நானும் சீட்டு வைக்கப் போகிறேன்; உங்கள் வாசகத்தை எடுத்துக்கொள்ளலாமா?

மாவுருண்டை – 30 அக்டோபர் 2025

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணா. எண்ணிக்கை பற்றிய சந்தேகம் எனக்கும் இருக்கிறது. ஒரு பண்டிகையை வைத்துச் சொல்ல முடியாது. “தீபாவளிக்கு” என்று அச்சிட்டதால் எங்களிடம் மிஞ்சிய சீட்டுகளைப் பொங்கலுக்குப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. நீங்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அச்சகத்தில் மாதிரி வாங்கி, “எழுதலாம்” என்பது “எழுதலாம்” என்றே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.